இருபதில் பதினேழு பலித்தும் நஷ்டம் ஏன்?

வருமான வரி தாக்கல் செய்யும் காலம் வந்தால் என் மேசைக்கு இப்படிப்பட்ட கணக்குகள் வரிசையாக வருகின்றன: பங்குச் சந்தை ஆப்ஷன் வியாபாரத்தில் பெரிய நஷ்டம், கூடவே எதை எப்போது வாங்கலாம் என்று குறிப்பு அனுப்பும், பணம் கட்டிச் சேர்ந்த ஒரு டெலிகிராம் சேனல். அண்மையில் வந்தவர் ஜவுளி வியாபாரி. பணம் போனதை ஒப்புக்கொண்டார், ஆனால் சேனலைக் குறை சொல்ல அவருக்கு மனமில்லை. "அவங்க சொன்னதுல நூத்துக்கு 85 பலிச்சுது சார், எனக்குத்தான் ராசியில்லை" என்றார்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த 85 என்ற எண்ணைத்தான் நான் ஒவ்வொரு ஆண்டும் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் ஒருமுறை விளக்கிவிடுகிறேன்.

அவருக்கு வந்த குறிப்புகளின் வடிவம் இது: "நிஃப்டி கால் ஆப்ஷன், 120 ரூபாய்க்கு மேல் வாங்கவும். இலக்கு 126, 140, 170. ஸ்டாப் லாஸ் 90." ஸ்டாப் லாஸ் என்பது விலை இறங்கினால் நஷ்டத்தோடு விற்று வெளியேற வேண்டிய விலை. விலை ஒரு நொடி 126ஐத் தொட்டாலும் சேனலில் அது வெற்றி. அதன்பின் 90க்குச் சரிந்தாலும் வெற்றிதான். சரி, அவர்கள் கணக்குப்படியே போவோம். 20 குறிப்புகளில் 17 முறை முதல் இலக்கில் விற்றால் 17 பெருக்கல் 6, அதாவது 102 ரூபாய் லாபம். மூன்று முறை ஸ்டாப் லாஸ் என்றால் 90 ரூபாய் நஷ்டம். மிச்சம் 12 ரூபாய். ஆறு ரூபாய் லாபத்துக்காக முப்பது ரூபாயைப் பணயம் வைப்பவர் நூற்றுக்கு 83 முறைக்கு மேல் ஜெயித்தால்தான் போட்ட பணமாவது தேறும். 85 என்பது திறமையின் அடையாளமே இல்லை. இலக்கைப் பக்கத்திலும் ஸ்டாப் லாஸைத் தூரத்திலும் வைத்தால் யார் குறிப்புக் கொடுத்தாலும் இப்படிப்பட்ட எண் வந்துவிடும்.

அதுவும் 120க்கு வாங்க முடிந்தால்தான். செய்தியைப் பார்த்து, செயலியைத் திறந்து, இவர் வாங்கும்போது விலை 123. இப்போது கணக்கு தலைகீழ்: 17 முறை மூன்று ரூபாய், 51, மூன்று முறை 33 ரூபாய், 99. ஒரு யூனிட்டுக்கு 48 ரூபாய் நஷ்டம். ஒரு லாட் 75 யூனிட் என்று வைத்தால் 3,600 ரூபாய். வாங்கவும் விற்கவுமாக 40 ஆர்டர்களுக்கு 20 ரூபாய் வீதம் தரகு 800. வரிகள் தனி. சேனலின் மாதக் கட்டணம் 5,000. எல்லாம் சேர்த்தால் ஒரே லாட்டில், "85 சதவீத வெற்றி" கண்ட மாதத்தில், 9,400 ரூபாய் போயிருக்கும். இவர் ஒரு லாட்டோடு நிற்கவும் இல்லை.

அந்த மூன்று ரூபாய் ஏன் ஏறுகிறது? ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வாங்கப் பாய்வதால். நிஃப்டியில் இது ஓரளவுதான். அதிகம் கைமாறாத ஒரு பங்கின் ஆப்ஷனில், குறிப்பு கொடுப்பவரே முன்கூட்டி வாங்கி வைத்திருந்தால், பாய்ந்து வாங்கும் உங்களிடம்தான் அவர் விற்கிறார். செய்தி வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு ஒரு நிமிட வரைபடத்தைப் பாருங்கள். செய்திக்கு முந்தைய சில நிமிடங்களிலேயே விலையும் கைமாறும் அளவும் ஏறியிருப்பது ஒருமுறை தற்செயலாக இருக்கலாம். அடிக்கடி அப்படி இருந்தால் அந்தச் சேனலை விட்டு வெளியேறுங்கள்.

லாபம் காட்டும் ஸ்கிரீன்ஷாட்களை நம்பவே வேண்டாம். 2023 அக்டோபரில் 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் பங்குச் சந்தை வகுப்பு நடத்தியவர் மீது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இடைக்கால உத்தரவு போட்டது. லாபங்களை மட்டும் ஊருக்குக் காட்டிய அவருடைய சொந்த வர்த்தகம் 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை சுமார் 2.89 கோடி ரூபாய் நஷ்டத்தில் இருந்தது. பொதுநிலையும் வேறல்ல. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் இரண்டும் சேர்ந்த எஃப் அண்ட் ஓ-வில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் செபியின் ஆய்வே சொல்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சேரத்தான் வேண்டும் என்றால், தயவுசெய்து ஒரு மாதம் பணம் போடாமல் நோட்டில் எழுதுங்கள். எல்லாக் குறிப்புகளையும், வந்த உடனே எழுதுங்கள். தோற்றவை பிறகு அழிக்கப்படலாம். செய்தி வந்து ஒரு நிமிடம் கழித்துள்ள விலையை வாங்கிய விலையாக வையுங்கள். வெற்றி எத்தனை என்று எண்ணாதீர்கள், ரூபாயைக் கூட்டுங்கள்.

ஆய்வாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் INH என்று தொடங்கும் செபி பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணைச் செபியின் இணையதளத்தில் தேடி, அங்குள்ள பெயரும் நீங்கள் பணம் அனுப்பும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இரவல் எண்கள் நிறையவே உலவுகின்றன. பதிவு இருந்தாலும் லாபத்துக்கு உத்தரவாதம் தர அவருக்கு அனுமதி கிடையாது. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கேட்டு "நாங்களே வர்த்தகம் செய்து தருகிறோம், லாபத்தில் பங்கு போதும்" என்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். ஏற்கெனவே பணம் ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

என் தொழில் சார்ந்து ஒன்று: கட்டிய கட்டணத்துக்குப் பில் கேளுங்கள். ஜவுளிக்காரரிடம் இருந்தது யாரோ ஒரு தனிநபரின் எண்ணுக்கு அனுப்பிய யுபிஐ பதிவு மட்டும்தான். அதை வைத்துச் செலவுக் கணக்கில் நான் எதை எழுதுவது?