லாபம் ஏறுகிறது, காசைக் காணோம்

மார்த்தாண்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு வருஷா வருஷம் லாபம் கூடுகிறது. ஆனால் டிவிடெண்ட் கொடுக்கவே பாங்கில் கடன் வாங்குகிறார்கள். லாபப் பணம் எங்கே சார் போகிறது?"

அந்தப் பணம் இன்னும் கம்பெனிக்கு வந்தே சேராமல் இருக்கலாம். சரக்கு வாங்குபவர் வசம் போனதுமே விற்பனை கணக்கில் ஏறிவிடும், லாபமும் ஏறிவிடும். பணம் வரும் வரை அந்தத் தொகை டிரேட் ரிசீவபிள்ஸ் என்ற தலைப்பில் சொத்தாக நிற்கும். வடசேரி மளிகைக் கடையின் பற்று நோட்டுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பொருட்கள் செய்யும் ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் வருஷம் தொடங்கும்போது வரவேண்டிய பாக்கி 18 கோடி. அந்த வருஷ விற்பனை 100 கோடி, முடிவில் பாக்கி 20 கோடி. அடுத்த வருஷம் விற்பனை 130 கோடி, பாக்கி 52 கோடி. தலைவர் உரையில் "30 சதவீத வளர்ச்சி" என்று கொட்டை எழுத்தில் வரும்.

இப்போது வசூலைப் பாருங்கள். பழைய பாக்கியோடு விற்பனையைக் கூட்டி, வருஷ முடிவுப் பாக்கியைக் கழித்தால் கைக்கு வந்த பணம் கிடைக்கும். முதல் வருஷம் 18 + 100 - 20 = 98 கோடி. இரண்டாம் வருஷம் 20 + 130 - 52 = அதே 98 கோடி. வளர்ந்ததாகச் சொன்ன 30 கோடியில் ஒரு ரூபாய்கூட உள்ளே வரவில்லை! பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 73 நாள் 146 நாளாகியிருக்கிறது. (பாக்கியில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், விற்பனையில் சேராது. அதனால் நாள் கணக்கு சற்றுக் கூடுதலாகத்தான் வரும். ஒரே கம்பெனியின் வருஷங்களை ஒப்பிட்டால் போதும்.)

இதை மட்டும் வைத்துத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. மார்ச் மாதத்தில் பெரிய ஆர்டர் போயிருந்தால் 31-ஆம் தேதி பாக்கி வீங்கித்தான் தெரியும். அதற்காகத்தான் ஆண்டறிக்கையின் நோட்ஸில் பாக்கியின் வயதுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், ஒன்று முதல் இரண்டு வருஷம் என்று பிரித்துக் காட்டுவது கட்டாயம். ராகுகாலம் பார்த்துப் பங்கு வாங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

விற்காததை விற்றதாக எழுதிய போலிப் பாக்கிக்கு ஒரு சங்கடம் உண்டு. அது வசூலாகாது, வயது ஏறிக்கொண்டே போகும். வாராக் கடனாக எழுதித் தள்ளினால் லாபம் அடிபடும். அப்போது என்ன செய்வார்கள்? இங்கேதான் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். நம் கற்பனைக் கம்பெனி நிர்வாக இயக்குநரின் தம்பி நடத்தும் நிறுவனத்துக்கு 28 கோடிக்குச் சரக்கு விற்றதாகக் கணக்கு, பணம் வரவில்லை. மூன்றாம் வருஷம் கம்பெனி அந்தக் குடும்பத்தின் இன்னொரு நிறுவனத்துக்கு "இயந்திரம் வாங்க முன்பணம்" என்று 28 கோடி கொடுக்கிறது. அந்தப் பணம் தம்பி கைக்குப் போய், சரக்கு வாங்கிய பாக்கியாகத் திரும்பி வருகிறது. பாக்கி மறைந்தது, வசூல் கணக்கும் அழகாகிவிட்டது. ஆனால் அதே 28 கோடி முதலீட்டுச் செலவாக வெளியே போயிருக்கும், சொத்துப் பக்கத்தில் முன்பணமாக உட்கார்ந்திருக்கும். இயந்திரம் வராது. ஆகவே பாக்கி திடீரென்று குறைந்த வருஷத்தில் முன்பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பில் விற்பனை மட்டுமல்லாமல், வருஷ முடிவில் அவர்கள் தர வேண்டிய நிலுவையும் இருக்கும். விற்பனையும் நிலுவையும் ஏறக்குறைய ஒரே தொகையாக இருந்தால் அவர்கள் பணமே கொடுப்பதில்லை என்று அர்த்தம்.

சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் மோசடி இன்னொரு வழியில் போனது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை. பாக்கியில் மிகையாகக் காட்டியது 490 கோடிதான். போலி விற்பனையின் பணம் வசூலாகி வங்கியில் இருப்பதாகவே எழுதிவிட்டார்கள்.

ஆடிட்டர் என்ன சொன்னார்? சத்யத்தில் ஆடிட்டர்கள் சுத்தமான கருத்துதான் கொடுத்திருந்தார்கள். அதனால் சுத்தமான அறிக்கையை நான் உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதில்லை. குவாலிஃபைடு ஒப்பீனியன் வந்தால் கதை வேறு. "இன்ன விஷயம் தவிர மற்றவை சரி" என்கிறார், அந்த "தவிர"வுக்குக் காரணம் அடுத்த பத்தியிலேயே இருக்கும். "28 கோடிப் பாக்கிக்கு வாங்கியவரிடமிருந்து உறுதிக் கடிதம் கிடைக்கவில்லை, ஒதுக்கீடும் செய்யப்படவில்லை" என்று எழுதியிருந்தால், அந்தத் தொகையை லாபத்தில் கழித்துப் பாருங்கள். லாபம் 15 கோடி என்றால் அது 13 கோடி நஷ்டம். "எம்ஃபசிஸ் ஆஃப் மேட்டர்" என்று வருவது இந்த வகை இல்லை. அது கவனிக்கச் சொல்லும் குறிப்பு மட்டுமே.

ஆசிரியர் ஐயா, உங்கள் கம்பெனி பட்டியலிடப்பட்டது என்றால் செப்டம்பர் 30 நிலவரப்படி அரையாண்டு இருப்புநிலையும் வெளியிட்டிருக்கும். மார்ச் பாக்கி அதற்குள் இறங்கியிருக்கிறதா, இறங்கியிருந்தால் முன்பணம் ஏறியிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.