சேத்து வச்சா ஷோ செத்துடுமா? வருஷக்கணக்கா இழுக்குற லவ் டிராக் பத்தி கொஞ்சம் பேசுவோம்

சீரியல், வெப் சீரிஸ்னு கதை டிஸ்கஷன்ல உக்காந்து எழுதுறதுதான் என் வேலை. எந்த டிஸ்கஷனா இருந்தாலும் ஒரு லவ் டிராக் நல்லா பிக்கப் ஆச்சுன்னா உடனே ஒருத்தர் சொல்லுவாங்க, "இப்போ சேத்து வச்சிடாதீங்க, சேத்துட்டா ஆடியன்ஸ் போயிடுவாங்க"ன்னு. அதுக்கு யாரும் மறுப்பு சொல்ல மாட்டாங்க, ஏன்னா எல்லாருக்குமே உள்ளுக்குள்ள அந்த பயம் இருக்கு. புதுசா எழுத வர்ற பசங்க இதை ஒரு விதி மாதிரியே எடுத்துக்கிறாங்க, அதனால இந்த பயம் எங்கேருந்து வந்துச்சு, அதுல எவ்வளவு உண்மைன்னு தெளிவா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.

இது அமெரிக்க டிவிலேருந்து வந்த பயம். 1985ல ஏபிசி சேனல்ல 'மூன்லைட்டிங்'னு ஒரு ஷோ ஆரம்பிச்சுது. லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு டிடெக்டிவ் ஏஜென்சி, அதோட ஓனர் மேடி, அங்க வேலை பாக்குற டேவிட். மேடியா சிபில் ஷெப்பர்ட், டேவிடா அப்போ யாருக்கும் பெருசா தெரியாத ப்ரூஸ் வில்லிஸ். ரெண்டு பேரும் ஒருத்தர் பேச்சு மேல இன்னொருத்தர் பேசி மூச்சு விடாம சண்டை போடுவாங்க, கேஸை யார் கண்டுபிடிச்சா யாருக்கு என்ன, ஜனங்க பாத்தது அந்த சண்டையைத்தான். மூணாவது சீசன் கடைசில, 1987 மார்ச்ல, ரெண்டு பேரும் சேர்ந்தாங்க. அதுக்கப்புறம் ஷோ இறங்கிடுச்சு, 1989 மே மாசம் முடிஞ்சே போச்சு. அன்னிலேருந்து "மூன்லைட்டிங் சாபம்"னு இதுக்கு பேரே வச்சுட்டாங்க, ரைட்டர்ஸ் ரூம்ல பெரியவங்க புதுசா வந்தவங்களை பயமுறுத்த இதைத்தான் சொல்லுவாங்க.

ஆனா நாலாவது சீசன்ல உண்மையிலேயே என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ஷெப்பர்ட் அப்போ ட்வின்ஸ் கர்ப்பமா இருந்தாங்க, வில்லிஸ் 'டை ஹார்ட்' பட ஷூட்டிங்ல மாட்டிக்கிட்டார், ரெண்டு பேரையும் ஒரே நாள்ல செட்டுக்கு கொண்டு வர்றதே பெரும்பாடு. அதனால கதைல மேடியை சிகாகோல அப்பா அம்மா வீட்டுக்கு அனுப்பி வச்சுட்டாங்க, அவ அங்க, இவன் இங்கன்னு எபிசோட் எபிசோடா ஓடுச்சு, நடுவுல ஆஃபீஸ்ல இருக்குற மத்த கேரக்டர்ஸை வச்சு இடத்தை நிரப்பினாங்க. அப்புறம் மேடி திரும்பி வரும்போது ரயில்ல பாத்த ஒரு ஆளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து நிக்கிறா! அதுவரைக்கும் கூட இருந்த ரசிகர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும். இதுக்கு மேல 1988ல ரைட்டர்ஸ் ஸ்ட்ரைக் வேற, ஷோவை உருவாக்கின க்ளென் கார்டன் கேரனும் கடைசி சீசன்ல இல்ல. ஒரே ரூம்ல நின்னு சண்டை போடுறதுதான் அந்த ஷோவோட மொத்த உயிரும், அந்த ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல பாக்க முடியாம போனதுதான் ஷோவை சாய்ச்சதுன்னு நான் நினைக்கிறேன். பழி மட்டும் அவங்க சேர்ந்த ராத்திரி மேல விழுந்துடுச்சு.

சரி, நல்லா பண்ணினா எப்படி இருக்கும்? எனக்கு இதுல பாடப்புத்தகம் மாதிரி இருக்குறது அமெரிக்க 'தி ஆஃபீஸ்'ல ஜிம், பாம் கதை. பென்சில்வேனியாவுல ஸ்க்ராண்டன்ங்கிற ஊர்ல ஒரு பேப்பர் கம்பெனி கிளை, அங்க நடக்குறதை ஒரு டாக்குமென்டரி குழு படம் பிடிக்கிற மாதிரிதான் ஷோவே, ஜிம் சேல்ஸ்ல இருக்கான், பாம் ரிசப்ஷனிஸ்ட். கீழ்த்தளத்து குடோன்ல வேலை பாக்குற ராய் கூட பாமுக்கு நிச்சயம் ஆகி வருஷக்கணக்கா கல்யாண தேதி குறிக்காம இழுத்துட்டு இருக்கு. முதல் சீசன் வெறும் ஆறு எபிசோட்தான். அதுல ரெண்டாவது எபிசோட்ல, வருஷத்துல ஜிம்முக்கு வர்ற பெரிய கமிஷன் ஒண்ணு கைக்கு வராம போயிடுது, பக்கத்து சீட் ட்வைட் அந்த ஆர்டரைத் தட்டிக்கிட்டு போயிடுறான். அன்னிக்கு சாயங்காலம் ஒரு போரான மீட்டிங், பாம் தூங்கி விழுந்து அவ தலை ஜிம் தோள்ல சாயுது. அவன் அசையாம உக்காந்திருக்கான். அப்புறம் கேமரா கிட்ட தனியா பேசும்போது, இன்னிக்கு நாள் ஒண்ணும் மோசமில்லங்கிற அர்த்தத்துல ஒரே வரி சொல்றான். லவ்வுங்கிற பேச்சே எடுக்கல, ஆனா பாக்குறவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு, பாமுக்கு மட்டும் தெரியாது. இந்த மாதிரி கதை நிக்கிறதே இதுலதான், நமக்குத் தெரிஞ்சது அந்த ஆளுக்குத் தெரியலைங்கிற தவிப்புல.

அதுக்கப்புறம் அவங்க பண்ணினதைத்தான் நம்ம ஆளுங்க கவனிக்கணும். ஒரே தடையை வச்சு மூணு சீசன் ஓட்டல. ரெண்டாவது சீசன் முழுக்க தடை ராய். அந்த சீசன் கடைசில, 2006 மே மாசம், பார்க்கிங்ல வச்சு ஜிம் நேரா சொல்லிடுறான், உன்னை காதலிக்கிறேன்னு. பாம் முடியாதுன்னுடுறா. அப்புறம் உள்ள போய் அவன் முத்தம் கொடுக்குறான், அதோட சீசன் முடியுது. இதை வேற யாராவது எழுதியிருந்தா சொல்ல வர்ற நேரத்துல ஒரு போன் அடிச்சிருக்கும், இல்ல யாராவது கதவைத் திறந்துட்டு வந்திருப்பாங்க. இங்க சொல்லியாச்சு, அவளும் கேட்டாச்சு, இனிமே பழைய இடத்துக்கு ரெண்டு பேராலயும் திரும்பிப் போக முடியாது. மூணாவது சீசன்ல பாத்தா பாம் கல்யாணத்தை நிறுத்திட்டா, ஆனா ஜிம் வேற ஊர் கிளைக்கு மாறிப் போயிட்டான், அங்க அறிமுகமான கேரன்னு ஒரு பொண்ணோட, ஸ்க்ராண்டனுக்குத் திரும்பி வந்தப்புறம் பழக ஆரம்பிச்சிட்டான். தடை அப்படியே பக்கம் மாறிடுச்சு, இப்போ காத்திருக்குறது பாம். கேரனை வில்லியாவும் ஆக்கல, நல்ல பொண்ணு, அதனாலதான் நமக்கு வலிக்குது.

இதுல ஒரு சின்ன பொருளைப் பத்தி சொல்லியே ஆகணும். ரெண்டாவது சீசன் ஆரம்பத்துல ஆஃபீஸ்ல பொழுது போகாம ஒலிம்பிக்ஸ் மாதிரி விளையாடுவாங்க, அதுக்கு பாம் தயிர் டப்பா மூடியை பேப்பர் கிளிப் சங்கிலில கோத்து மெடல் செஞ்சு தருவா. அந்த எபிசோடோட அது முடிஞ்சிருச்சுன்னு எல்லாரும் மறந்துட்டோம். மூணாவது சீசன் கடைசி எபிசோட், 2007 மே, ஜிம் நியூயார்க்ல பெரிய வேலைக்கு இன்டர்வியூல உக்காந்திருக்கான், கொண்டு வந்த ரிப்போர்ட்டைப் பிரிச்சா உள்ள பாம் வச்ச அந்த மூடி மெடலும் ஒரு குட்டி சீட்டும் இருக்கு. அவ்வளவுதான், வசனமே தேவைப்படல. அவன் ஸ்க்ராண்டனுக்குத் திரும்பி வந்து, பாம் கேமரா முன்னாடி பேசிட்டிருக்கும்போது கதவைத் திறந்து, இன்னிக்கு நைட் டின்னருக்கு வரியான்னு கேக்குறான். சீசன் சீசனா கட்டுறதுன்னா இதுதான், முன்னாடி போட்ட ஒரு பொருள், ஒரு பார்வை, அது நமக்குள்ள ஊறிக்கிட்டே இருந்து சரியான நேரத்துல திரும்பி வரணும். இதை சினிமால ரெண்டரை மணி நேரத்துல பண்ணவே முடியாது, ஏன்னா பாக்குறவங்களும் நிஜமாவே அந்த ரெண்டு வருஷத்தை வாழ்ந்திருக்கணும்.

அப்போ ஏன் பயம்? ஒண்ணு, பொழப்பு சம்பந்தப்பட்டது. அமெரிக்க நெட்வொர்க்ல வருஷத்துக்கு 22 எபிசோட் வரைக்கும் எழுதணும், அடுத்த சீசன் உண்டா இல்லையான்னு பெரும்பாலும் மே மாசம்தான் தெரியும், ஆனா சீசன் ஃபினாலேவை அதுக்கு முன்னாடியே எழுதி ஷூட் பண்ணியாகணும். தொடருமா முடியுமான்னு தெரியாத கதைல கையில இருக்குற பெரிய சீட்டை யார் இறக்குவாங்க? இன்னொண்ணு தொழில் சம்பந்தப்பட்டது, வெளிய யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஆசையை மறைச்சுக்கிட்டு ரெண்டு பேர் பேசுறாங்கன்னா "காபி சாப்பிட்டியா"ன்னு கேட்டாக்கூட அதுக்குள்ள இன்னொரு பேச்சு ஓடும், அந்த சீன் தானா எழுந்து நிக்கும். சேர்ந்ததுக்கப்புறம் அதே "காபி சாப்பிட்டியா" வெறும் காபிதான். அந்த சீனுக்கு வேற எங்கேருந்தாவது உயிர் கொண்டு வரணும், அதுக்கு யோசிச்சு வைக்காததாலதான் நாம தள்ளிப் போடுறோம்.

தள்ளிப் போடுறோம்ங்கிறது எழுத்துல அப்படியே தெரியும், ஆடியன்ஸும் கண்டுபிடிச்சிடுவாங்க. ஒரே ஒரு வாக்கியம் சொன்னா தீர்ந்துடுற தப்புப் புரிதலை பத்து எபிசோடுக்கு இழுத்தா அது இழுவை. திடீர்னு ஒரு புது ஆள் வந்து நிக்கிறான், அவனுக்குன்னு ஒரு ஆசையோ குணமோ எதுவும் கிடையாது, குறுக்க நிக்கிறது மட்டும்தான் வேலைன்னா அதுவும் இழுவை. சீசன் ஆரம்பத்துல ரெண்டு பேரும் இருந்த இடத்துலயே சீசன் கடைசிலயும் இருக்காங்கன்னா நடுவுல எத்தனை கிட்ட வந்து விலகினாலும் பாக்குறவங்களுக்கு ஏமாத்திட்டாங்கங்கிற கோவம்தான் வரும், அந்தக் கோவம் நியாயமானது.

சேத்ததுக்கப்புறம் 'தி ஆஃபீஸ்' என்ன ஆச்சு? நாலாவது சீசன் முதல் எபிசோட்லயே அவங்க ரகசியமா பழகுறதை டாக்குமென்டரி கேமரா பிடிச்சிடுது, சும்மா ஒரு பிரேக்கப் போட்டு பழைய ஆட்டத்துக்குத் திரும்பிப் போகல. கேள்வியை மாத்தினாங்க, இப்போ ரெண்டு பேரும் ஒரே கட்சி, எதிர்ல மொத்த ஆஃபீஸும். 2009 அக்டோபர்ல கல்யாணம், அடுத்து குழந்தை, 2013 வரைக்கும் ஓடுச்சு. கடைசி சீசன்ல ஜிம் ஃபிலடெல்ஃபியால சொந்த பிசினஸ் ஆரம்பிக்கிறதால வர்ற விரிசல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது அவங்க குணத்துலேருந்தே வர்ற சண்டை. அதே நேரம் டாக்குமென்டரி குழுல மைக் பிடிக்கிற ப்ரையனை பாமுக்கு ஆறுதல் சொல்ற ஆளா நடுவுல கொண்டு வந்தாங்க பாருங்க, அது ஒட்டவே இல்ல, பழைய முக்கோணத்துக்கு ஆசைப்பட்ட மாதிரி இருந்துச்சு. 'போன்ஸ்'ங்கிற அமெரிக்க க்ரைம் ஷோலயும் இப்படித்தான், 2005ல ஆரம்பிச்சுது, ஹீரோயின் எமிலி டெஷனல் நிஜத்துல கர்ப்பமானதால 2011ல கதையோட முக்கிய ஜோடியான ப்ரென்னனையும் பூத்தையும் சேத்து வச்சாங்க, அதுக்கப்புறமும் 2017 வரைக்கும் போச்சு. அங்க வாராவாரம் தீர்க்க ஒரு கொலைக் கேஸ் இருந்துச்சு, ஜோடியை மட்டும் நம்பி கதை நிக்கல. காதலைத் தவிர வேற ஒண்ணுமே இல்லாத கதைன்னா நிலைமை வேற, அங்க சேர்ற இடமே முடிவா இருக்கலாம், இன்னொரு சீசன் கிடைச்சுதேன்னு அதைத் தள்ளி வைக்கக் கூடாது.

அதனால இப்போ என்கிட்ட யாராவது நீண்ட லவ் டிராக்கோட ஒன்லைன் கொண்டு வந்தா, எப்போ சேருறாங்கன்னு நான் முதல்ல கேக்குறதில்ல. சேர்ந்ததுக்கு அடுத்த மூணு எபிசோடை எழுதிட்டு வாங்கன்னு சொல்லுவேன், அதுல ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கணும், ஒருத்தருக்கு வேண்டியது இன்னொருத்தருக்கு இடைஞ்சலா இருக்கணும், பிரேக்கப்பும் பழைய லவ்வரும் வரக் கூடாது. அந்த மூணு எபிசோட் கையில இருந்தா எந்த சீசன்ல வேணா சேத்து வைக்கலாம், வரலைன்னா எத்தனை சீசன் தள்ளிப் போட்டாலும் அந்தப் பேப்பர் காலியாத்தான் இருக்கும், கேரக்டர்ஸ்லேருந்து மறுபடி வேலையை ஆரம்பிக்கணும்.