இல்லாத ஆளுக்குப் பேர் வைக்கிறது எப்படி?

டெஸ்டிங் வேலையில புதுசா சேர்ந்திருக்கிற ஒரு வாசகி கேட்டிருந்தாங்க: "சைன்-அப் ஃபார்மை சோதிக்க ஆயிரம் டம்மி யூசர் வேணும், அதுவும் தமிழ்ப் பேரா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. எழுத்தைக் கன்னாபின்னான்னு சேர்த்துப் பாத்தேன், றுழலிண்மு மாதிரிதான் வருது. நிஜப் பேர் மாதிரி எப்படி வர வைக்கிறாங்க?"

சுருக்கமான பதில் முதல்ல. பெரும்பாலான இடத்துல யாரும் பேரை உருவாக்குறதே இல்ல, ஒரு லிஸ்ட்ல இருந்து குலுக்கி எடுக்குறாங்க, அவ்ளோதான். பைத்தான்ல இருக்கிற `Faker` லைப்ரரியில `ta_IN`னு குடுத்தா தமிழ்ப் பேரா எடுத்துத் தரும். சின்ன ஃபார்முக்கு அதுவே போதும். ஆனா லிஸ்ட்ல இருக்கிறது மட்டும்தான் திரும்பத் திரும்ப வரும், யாருமே எதிர்பார்க்காத நீளத்துல, எதிர்பார்க்காத எழுத்துக் கோர்வையோட ஒரு பேர் வரவே வராது. ஃபார்ம் உடையுறது அந்த மாதிரி பேர்லதான். அப்போ லிஸ்ட்ல இல்லாத, ஆனா கேட்டா பேர்தான்னு தோணுற பேர் வேணும். அதுக்கு இருக்கிற வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்: மார்க்கோவ் சங்கிலி. ஒரு எழுத்துக்கு அடுத்து எது எத்தனை தடவை வருதுன்னு எண்ணி வச்சுக்கிட்டு, அந்த வாய்ப்புப்படியே அடுத்தடுத்த எழுத்தைக் குலுக்கி எடுத்துக் கோர்க்கிறதுதான் அது.

1913ல ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்த்ரே மார்க்கோவ், புஷ்கினோட 'யெவ்கெனி அனேகின்' கவிதைநாவல்ல இருந்து 20,000 எழுத்தை எடுத்து உக்காந்து கையாலயே எண்ணினார். எது உயிர், எது மெய், உயிருக்கு அப்புறம் உயிர் எத்தனை தடவை வருதுன்னு. மொத்தத்துல 43 சதவீதம் உயிரெழுத்து, ஆனா ஒரு உயிரெழுத்துக்கு அடுத்தபடியா இன்னொரு உயிர் வர்றது 13 சதவீதம்தான். அதாவது அடுத்த எழுத்து என்னங்கிறது முந்தின எழுத்தைப் பொறுத்து மாறுது. நெக்ரசோவ்னு ஒரு கணிதவியலாளர், தடவை கூடக்கூட சராசரி ஒரு நிலையான மதிப்பை நெருங்கும்ங்கிற பெரிய எண்களின் விதி, ஒன்னையொன்னு சாராத நிகழ்வுகளுக்குத்தான் பொருந்தும்னு சொல்லி, அதை வச்சு மனுஷனோட சுதந்திர விருப்பம் வரைக்கும் இழுத்துட்டுப் போனார். சார்ந்திருக்கிற நிகழ்வுக்கும் விதி பொருந்தும்னு காட்டத்தான் மார்க்கோவ் இந்தப் பக்கம் வந்தார். கவிதையில எழுத்து எண்ணுறதுக்கு இன்னைக்கு ஒருத்தர் நிதி கேட்டா "இதனால என்ன பிரயோஜனம்"னு ஒரே கேள்வியில திருப்பி அனுப்பிடுவாங்க, அது தப்புன்னு நான் உறுதியா நம்புறேன், ஏன்னா கீழ வர்றது மொத்தமும் அந்த எண்ணிக்கையில இருந்து வந்ததுதான்.

சரி, நேரா உதாரணத்துக்குப் போவோம். கமலா, விமலா, மலர்விழி, கவிதா, கயல்விழி, அமுதா. இந்த ஆறு பேர்தான் நம்ம மூலதனம். ஒவ்வொன்னையும் எழுத்து எழுத்தா பிரிச்சு, முன்னாடி ^ போட்டு, முடிவுல $ போட்டுக்கணும். கமலா வந்து ^, க, ம, லா, $. இப்போ ஒரு எழுத்துக்கு அடுத்தது என்ன வந்திருக்குன்னு மட்டும் குறிச்சுக்கிட்டே போங்க. ஆரம்பத்துல க மூணு தடவை, வி, ம, அ தலா ஒரு தடவை. க-வுக்கு அப்புறம் ம, வி, ய தலா ஒன்னு. ம-வுக்கு அப்புறம் லா ரெண்டு, ல ஒன்னு. வி-க்கு அப்புறம் ழி ரெண்டு, ம ஒன்னு, தா ஒன்னு. மத்த எழுத்துக்கெல்லாம் ஒரே வழிதான்.

இனி பேர் உருவாக்கலாம். ^ல ஆரம்பிச்சு ஆறுல மூணு வாய்ப்புள்ள க-வை எடுத்தாச்சுன்னு வைங்க, அங்க இருந்து மூணுல ஒரு வாய்ப்புல வி, வி-ல இருந்து நாலுல ஒரு வாய்ப்புல ம, அங்க இருந்து மூணுல ரெண்டு வாய்ப்புல லா, லா-வுக்கு அப்புறம் முடிவு மட்டும்தான். வந்தது என்ன? கவிமலா! ஆறு பேர்ல இது கிடையாது, ஆனா பக்கத்து வீட்டுல ஒரு கவிமலா இருந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. வாய்ப்பைப் பெருக்கினா 36 தடவைக்கு ஒரு தடவை இந்தப் பேர் விழும். கயல்விதா 24க்கு ஒரு தடவை. மலர்விமலாகூட வரும். மொத்தமா கணக்குப் போட்டா 24 தடவைக்கு 11 தடவை பழைய ஆறு பேர்ல ஒன்னே திரும்ப வரும், மிச்சம் பாதிக்கு மேல புதுசு.

இதுல என்னை அசத்துறது என்னன்னா, யாருமே இதுக்கு இலக்கணம் சொல்லிக் குடுக்கல. ழி-யில பேர் ஆரம்பிக்காதுன்னு நன்னூல் மொழிமுதல் எழுத்துல படிச்சிருப்போம். இங்க அந்த விதி எங்கயும் எழுதப்படல, ஆனா ^க்கு அடுத்து ழி ஒரு தடவைகூட வராததால எந்தப் பேரும் ழி-யில ஆரம்பிக்க வழியே இல்ல. விதியை நாமளே கையால எழுதினா இன்னொரு சிக்கலும் இருக்கு. க் பக்கத்துல க மட்டும்தான் நிக்கும்ங்கிறது மெய்ம்மயக்க விதி, அதை அப்படியே கோட் பண்ணினா சக்தி, முக்தா மாதிரி பேரெல்லாம் வராமயே போயிடும். சங்கிலி, மக்கள் நிஜமா வச்சிருக்கிற பேர்ல இருந்து கத்துக்கிறதால சக்தியும் உள்ள வந்துடும், றுழலிண்மு வெளியவே நிக்கும்.

கோட் இவ்ளோதான்:

```python
import random, regex
from collections import defaultdict

names = ["கமலா", "விமலா", "மலர்விழி",
         "கவிதா", "கயல்விழி", "அமுதா"]
nxt = defaultdict(list)
for n in names:
    s = ["^"] + regex.findall(r"\X", n) + ["$"]
    for a, b in zip(s, s[1:]):
        nxt[a].append(b)

random.seed(7)
cur, out = random.choice(nxt["^"]), ""
while cur != "$":
    out += cur
    cur = random.choice(nxt[cur])
print(out)
```

`regex` தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டிய மாட்யூல், பைத்தான் கூடவே வர்ற `re`-ல `\X` கிடையாது. இந்த `\X` இருக்கிற வரிதான் உயிர்நாடி. யூனிகோடுல வி-ங்கிறது ஒரு எழுத்து இல்ல, வ-வும் ி-யும் சேர்ந்த ரெண்டு குறியீடு. ல்-னா ல-வும் புள்ளியும். இங்கிலீஷ் பேருக்கு எழுதின கோடை அப்படியே எடுத்து `list(n)`னு போட்டா புள்ளி தனி எழுத்தாயிடும், அப்புறம் நடக்குறதைப் பாருங்க. லிஸ்ட்ல செல்வியும் முத்துவும் இருக்காங்கன்னு வைங்க. ஒரு இடத்துல புள்ளிக்கு அடுத்து வ, இன்னொரு இடத்துல புள்ளிக்கு அடுத்து த. சங்கிலிக்கு ஒரே ஒரு படி ஞாபகம்தான், அது புள்ளியில நிக்கும்போது அந்தப் புள்ளி எந்த மெய்யோடதுன்னு மறந்து போயிடும். அதனால செல்து, முத்வின்னு வரும். உங்க ஜெனரேட்டர்ல இருந்து வர்ற பேர்ல மெய்யெழுத்து இருக்கிற இடம் மட்டும் நாக்குல புரளலைன்னா, வேற எதையும் தேட வேணாம், பிரிச்ச விதம்தான் காரணம்.

அடுத்து ஞாபகம் எத்தனை படி இருக்கணும்ங்கிறது. ஒரு படின்னா சில நேரம் பேர் நிக்காம ஓடும்: வி, ம, ல, ர் போயிட்டு திரும்பவும் வி-க்கே வந்துடும், விமலர்விமலர்விழின்னு. அதனால நீளத்துக்கு ஒரு வரம்பு வைக்கணும். ஓடுறதை நிறுத்துறோம்னு முந்தின ரெண்டு எழுத்தையும் சேர்த்துப் பாக்கச் சொன்னா என்ன ஆகும்? நம்ம ஆறு பேர்ல க, வி-க்கு அடுத்து தா மட்டும்தான் இருக்கு. வி, ம-வுக்கு அடுத்து லா மட்டும்தான். எல்லாப் பக்கமும் ஒத்தை வழி ஆயிடுது, பழைய ஆறு பேரைத் தவிர ஒன்னுமே வெளிய வராது. ரெண்டு படி ஞாபகம் வேணும்னா சில ஆயிரம் பேராவது உள்ள போகணும்னு நான் சொல்லுவேன்.

உள்ள குடுத்த பேரே திரும்ப வெளிய வர்றது வெறும் தரப் பிரச்சனை இல்ல. நிறைய கம்பெனியில சோம்பல்பட்டு நிஜ வாடிக்கையாளர் லிஸ்டையே எடுத்து டெஸ்ட் சர்வர்ல போடுறாங்க, அது எனக்குக் கோவம் வர்ற விஷயம், நம்ம நாட்டுல 2023லயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. அதைத் தவிர்க்கத்தான் சங்கிலிக்கே வர்றோம், ஆனா அந்தச் சங்கிலிக்கும் வாடிக்கையாளர் பேரையே ஊட்டினா, அபூர்வமான பேர் வச்சிருக்கிற ஒருத்தரோட பேர் அப்படியே முழுசா வெளிய விழும், ஏன்னா அந்த எழுத்துக் கோர்வைக்கு வேற வழியே கிடையாது. வெளிய வந்த பேர் உள்ள குடுத்த லிஸ்ட்ல இருந்தா தூக்கிடுங்க. அதைவிட நல்லது பொதுவுல கிடைக்கிற குழந்தைப் பேர் லிஸ்ட்ல இருந்து ஆரம்பிக்கிறது.

இப்போ இந்தப் பேரை ஃபார்ம்ல போட்டா என்ன தெரியவருதுன்னு ஒன்னு சொல்றேன். மலர்விழி கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடுல 8 குறியீடு, யுடிஎஃப்-8ல சேமிச்சா 24 பைட், ஏன்னா தமிழ்க் குறியீடு ஒவ்வொன்னும் 3 பைட். எங்கயோ ஒரு பழைய புரோகிராம் பேரை 20 பைட்டோட வெட்டுதுன்னா மலர்வி வரைக்கும் 18 பைட் ஒழுங்கா வரும், அப்புறம் ழ-வோட முதல் ரெண்டு பைட் மட்டும் அரைகுறையா நிக்கும், ஸ்க்ரீன்ல �-ன்னு தெரியும். அதே புரோகிராம் கமலாவை, 12 பைட்தானே, சத்தமில்லாம ஏத்துக்கும். asdfனு தட்டிப் பார்த்தவங்களுக்கு இந்தப் பிழை கடைசிவரைக்கும் கண்ணுல படாது.

கோட்ல `random.seed(7)`னு ஒரு வரி இருந்துச்சே, அதை எடுத்துடாதீங்க. ஒரே விதை எண், அதே லிஸ்ட்னா ஒவ்வொரு தடவையும் அதே பேர் அதே வரிசையில வரும். 412வது யூசர்ல ஃபார்ம் உடைஞ்சுதுன்னா டெவலப்பர் அவர் மெஷின்ல அதே 412வது யூசரை வர வச்சுப் பாக்கலாம். விதையை லாக்ல எழுதி வைக்கலைன்னா அந்தப் பேரைத் திரும்பப் பிடிக்கிறது பெரும்பாடு.

கடைசியா, தமிழ்ப் பேர்னு கேட்டுட்டு கடைசிப் பேர்க் கட்டம் வச்சிருப்பாங்க, அதுல என்ன போடுறதுன்னு முழிக்காதீங்க. நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இருக்கிறது இனிஷியல்தான், அதனால ஒரு பங்கு யூசருக்கு வெறும் `S`, ஒரு பங்குக்கு `K.R.`, ஒரு பங்குக்கு வெத்துக் கட்டம்னு கலந்து விடுங்க, குறைஞ்சது ரெண்டு எழுத்து வேணும்னு ஃபார்ம் அடம் புடிக்குதான்னு அங்கயே தெரிஞ்சுடும். மெயில் ஐடிக்கு மட்டும் `kavimala36@example.com` மாதிரியே போடுங்க. `example.com` 1999ல ஆர்எஃப்சி 2606லயே இந்த மாதிரி உதாரணத்துக்குன்னு ஒதுக்கி வச்ச டொமைன், அதை யாரும் தனக்குன்னு வாங்க முடியாது. கற்பனையா ஒரு ஜிமெயில் ஐடி அடிச்சா அது நிஜமா யாரோ ஒருத்தரோடதா இருந்து, ஆயிரம் வெரிஃபிகேஷன் மெயில்ல ஒன்னு அவங்க இன்பாக்ஸுக்குப் போய் நிக்கும்.