பிரீமியம் கட்டினால் வட்டி கட்டியதாகாது: பாலிசிக் கடனின் கணக்கு

என் அத்தை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்பவர். 2005 மே மாதம் 28ஆம் தேதி அவர் 2 லட்சம் ரூபாய் காப்புத் தொகைக்கு 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி ஒன்றைத் தொடங்கினார். ஆண்டு பிரீமியம் ஏறக்குறைய 10,000 ரூபாய். பாலிசி 2025 மே மாதம் முதிர்ந்தது. 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வரும் என்று எண்ணியிருந்தவரின் வங்கிக் கணக்கில் விழுந்தது 2 லட்சத்துக்குச் சற்று மேல். பிரீமிய ரசீதுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஒன்றுகூடக் குறையவில்லை, 20 ஆண்டு ரசீதும் இருந்தன.

அந்த டப்பாவில் இல்லாதது வட்டி ரசீது. 2015 மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு வற்றியிருந்தபோது, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதே பாலிசியின் மேல் 60,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். மாதத் தவணை எதுவும் கேட்கவில்லை. பிரீமியம் கட்டுகிறோமே, கடனும் அதிலேயே கழியும் என்று நினைத்துவிட்டார். இப்படி நினைத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. எங்கள் பகுதியில் பலரிடம் இதே எண்ணத்தைக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் அத்தையின் கணக்கை, எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கி, இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 60,000 எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். பாலிசியின் மேல் தரும் கடன் காப்புத் தொகையைப் பார்த்துத் தருவதல்ல, சரண்டர் மதிப்பைப் பார்த்துத் தருவது. இன்றைக்கே பாலிசியை முறித்துக்கொண்டால் கைக்கு வரும் தொகைதான் சரண்டர் மதிப்பு. பத்தாம் ஆண்டு முடிவில் அத்தை பாதிப் பிரீமியத்தைக் கட்டியிருந்தார். ஆகவே காப்புத் தொகையில் பாதி, அதாவது 1 லட்சம், அவருடையதாகிவிட்டது. காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று போனஸை வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 8,000 வீதம் 80,000 சேர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து 1,80,000. ஆனால் இது 2025இல் வரவேண்டிய பணம். 10 ஆண்டு முன்னதாகக் கேட்டால் அதில் ஒரு பகுதியைத்தான் தருவார்கள். சரண்டர் மதிப்பு 80,000 ரூபாய் அளவில் வந்தது.

பிரீமியம் தவறாமல் கட்டப்பட்டு நடப்பில் இருக்கும் பாலிசிக்கு எல்ஐசி வழக்கமாகச் சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் தரும். பிரீமியம் நின்றுபோய் பெய்ட்-அப் நிலையில் இருக்கும் பாலிசிக்கு 85 சதவீதம் வரை. அத்தைக்கு 72,000 வரை கிடைத்திருக்கும். அவர் 60,000 மட்டும் எடுத்தார். அது நல்ல முடிவு என்பது பின்னால் தெரியும். பாலிசிப் பத்திரத்தின் அசல், கடன் விண்ணப்பம், அடையாளச் சான்று, ரத்து செய்யப்பட்ட காசோலை, இவ்வளவுதான் கேட்டார்கள். சம்பளச் சீட்டும் ஜாமீன்தாரரும் தேவைப்படவில்லை. பத்திரத்தை எல்ஐசியின் பெயருக்கு ஒப்படைப்பு செய்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த ஒப்படைப்பால் நாமினியின் பெயர் அழிந்துவிடாது. கடன் போக மீதிக்கு நாமினிக்கு உள்ள உரிமை அப்படியே இருக்கும். சேமிப்பு எதுவும் இல்லாத வெறும் டேர்ம் பாலிசிக்கு இந்தக் கடன் கிடையாது, ஏனென்றால் அதற்குச் சரண்டர் மதிப்பே இல்லை.

இனி வட்டி. அத்தையின் கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம். விகிதம் பாலிசியின் வகைக்கும் கடன் வாங்கிய காலத்துக்கும் ஏற்ப மாறும். கடன் அனுமதிக் கடிதத்தில் இருப்பதே உங்களுக்கான விகிதம். வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை விழும். அந்த நாள் நாம் தேர்ந்தெடுப்பதல்ல. பாலிசி தொடங்கிய தேதியும் அதற்கு ஆறு மாதம் தள்ளி வரும் தேதியும்தான் வட்டி நாட்கள். அத்தைக்கு மே 28, நவம்பர் 28. கடனை ஒரு மாதத்திலேயே திருப்பிக் கட்டினாலும் குறைந்தது ஆறு மாத வட்டி உண்டு. பாலிசி அதற்குள் முதிர்ந்தாலோ பாலிசிதாரர் இறந்தாலோ மட்டும் அந்தத் தேதி வரைக்கான வட்டியோடு நின்றுவிடும்.

வட்டி நாளில் வட்டியைக் கட்டினால் கடன் 60,000 ரூபாயாகவே நிற்கும். கட்டாவிட்டால் அந்த வட்டி அசலோடு சேர்ந்துகொள்ளும், அடுத்த ஆறு மாதம் அதற்கும் வட்டி ஓடும். முதல் ஆறு மாதத்துக்கு வட்டி 3,000. அத்தை கட்டவில்லை, கடன் 63,000 ஆனது. அடுத்த ஆறு மாதத்துக்கு 3,150, கடன் 66,150. தொடக்கத்தில் இந்த 150 ரூபாய் கண்ணுக்கே தெரியாது. ஐந்தாண்டு முடிவில் கடன் 97,734 ஆகியிருந்தது. ஏழாண்டு தாண்டியதும் இரட்டிப்பாகிவிட்டது. கடைசி ஆறு மாதத்துக்கு மட்டும் வட்டி 7,581 ரூபாய், முதல் வட்டியைப் போல இரண்டரை மடங்கு. பத்தாண்டு முடிவில், அதாவது 20 அரையாண்டுகள் கழிந்தபின், 60,000 ரூபாய் கடன் 1,59,198 ரூபாயாக நின்றது.

இந்தப் பத்தாண்டில் வட்டி அறிவிப்பு ஏதும் வரவில்லையா என்று கேட்டேன். 2016இல் அவர்கள் வாடகை வீட்டை மாற்றிக்கொண்டு திருவொற்றியூர் பக்கம் போய்விட்டார்கள். பாலிசியில் பழைய முகவரியே இருந்தது. கைபேசி எண்ணும் மாறியிருந்தது. பிரீமியத்தை மட்டும் ஒரு ஏஜெண்டிடம் கொடுத்துக் கட்டிவந்தார்கள். அறிவிப்பு போன இடத்தில் அத்தை இல்லை.

முதிர்வுக் கணக்கு இப்படி வந்தது. காப்புத் தொகை 2,00,000. இருபது ஆண்டுப் போனஸ் 1,60,000. கூட்டினால் 3,60,000. அதில் கடனும் வட்டியும் 1,59,198 கழிந்தது. கைக்கு வந்தது 2,00,802. கடன் வாங்கியதற்காகப் போனஸில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரீமியம் ஒழுங்காகப் போனதால் இருபது ஆண்டுப் போனஸும் முழுதாக ஏறியிருக்கிறது. அந்த வகையில் டப்பாவில் இருந்த ரசீதுகள் அத்தைக்குப் பெரிய காவலாக இருந்திருக்கின்றன.

வட்டியை மட்டும் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆறு மாதத்துக்கு 3,000 வீதம் பத்தாண்டுக்கு 60,000 ரூபாய் கட்டியிருப்பார். முதிர்வில் அசல் 60,000 மட்டும் கழிந்து 3 லட்சம் முழுதாக வந்திருக்கும். கட்டாததால் வட்டியாகப் போனது 99,198. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 39,198 ரூபாய் வட்டிக்கு ஏறிய வட்டி. ஆறு மாதத்துக்கு 3,000 என்பது மாதத்துக்கு 500. சீட்டுக்கு மாதம் 2,000 தவறாமல் கட்டுகிற அத்தையால் இது முடியாததல்ல. கட்டவேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை, எனக்கு அதுதான் மனதை அறுக்கிறது.

இதைவிட மோசமாகவும் ஆகியிருக்கலாம். கடன் வாங்கியபின் பிரீமியத்தையும் நிறுத்தியிருந்தால் பாலிசி பெய்ட்-அப் ஆகி, 1,80,000 ரூபாயோடு நின்றிருக்கும். அதன்பின் புதுப் போனஸ் ஏறாது. கடன் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். 60,000 வாங்கியிருந்தால் முடிவில் 20,802 ரூபாய் மிஞ்சியிருக்கும். 72,000 முழுவதையும் எடுத்திருந்தால் பத்தாண்டில் கடன் 1,91,000ஐத் தாண்டும், பாலிசியில் இருப்பதோ 1,80,000. பிரீமியம் நின்ற பாலிசியில் கடனும் வட்டியும் சரண்டர் மதிப்பைத் தாண்டும்போது பாலிசியை முடித்துவிட எல்ஐசிக்கு உரிமை உண்டு. முடிப்பதற்கு முன் அறிவிப்பு வரும். அதுவும் பழைய முகவரிக்குப் போனால் என்ன செய்வது? பாலிசி அப்படி முடிந்துவிட்டால் ஆயுள் காப்பும் அதோடு போய்விடும்.

ஆகவே கையில் இருக்கும் பணம் பிரீமியத்துக்கும் வட்டிக்கும் சேர்த்துப் போதவில்லை என்றால், முதலில் பிரீமியத்தைக் கட்டுங்கள் என்பேன். வட்டி தள்ளிப்போனால் கடன் வளரும். பிரீமியம் நின்றால் காப்பும் குறையும், புதுப் போனஸும் நின்றுபோகும்.

உங்கள் வீட்டுப் பாலிசியில் கடன் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கிளை அலுவலகத்தில் பாலிசி எண்ணைச் சொல்லிக் கடன் நிலையைக் கேட்கலாம். எல்ஐசியின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் வீட்டிலிருந்தே பார்க்கலாம், கட்டவும் செய்யலாம். அசல் எவ்வளவு, சேர்ந்த வட்டி எவ்வளவு, அடுத்த வட்டி நாள் எது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய தொகையைவிட அசல் கூடுதலாக இருந்தால் வட்டி அசலில் ஏற ஆரம்பித்துவிட்டது என்று பொருள். போகும்போதே முகவரியையும் கைபேசி எண்ணையும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணம் கட்டும்போது ரசீதில் ‘பிரீமியம்’ என்று இருக்கிறதா, ‘கடன் வட்டி’ என்று இருக்கிறதா, ‘கடன் அசல்’ என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அசலைச் சிறுகச் சிறுகவும் திருப்பலாம், முதிர்வு வரை காத்திருக்க வேண்டியதில்லை. முழுதும் தீர்ந்தபின் பத்திரத்தை மறு ஒப்படைப்பு செய்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அத்தையின் வட்டி நாட்கள் விழுந்த மாதங்களையும் பாருங்கள். கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. நவம்பரில் மழையும் புயலும். மே, நவம்பர் என்ற இரண்டுமே காசிமேட்டில் காசு புரளாத மாதங்கள். வட்டி நாளை மாற்ற முடியாது. ஆனால் அந்த நாளுக்கு முன்பே பணம் ஒதுக்கி வைக்கலாம். அத்தையின் மகன் பெயரில் இன்னொரு பாலிசி இருக்கிறது, அதன் மேலும் 40,000 ரூபாய் கடன் இருக்கிறது. அதற்கும் வட்டி நாட்கள் மே, நவம்பர்தான். ஆறு மாத வட்டி 2,000. அதை மார்ச்சிலும் செப்டம்பரிலும் மீன் வரத்து உள்ளபோதே எடுத்துத் தனியாக வைப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். வட்டி ரசீதுக்கென்று அத்தை இன்னொரு டப்பா வாங்கியிருக்கிறார்.