‘கெல் தொமாஜ்’ என்றால் ‘என்ன ஒரு பரிதாபம்’ இல்லை

பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்த ஒரு கதையில் நேற்று மறுபடியும் கண்ணில் பட்டது. வெளியூர் போவதால் விருந்துக்கு வர முடியாது என்கிறாள் தோழி. வீட்டுக்காரி பதில் சொல்கிறாள்: ‘என்ன ஒரு பரிதாபம்!’ யார் மேல் பரிதாபம்? வராத தோழி மேலா, ஆறிப்போகும் குழம்பின் மேலா?

மூலத்தில் இருப்பது ‘கெல் தொமாஜ்’. ‘கெல்’, ‘எத்தகைய’ என்று பொருள்படும் ‘குவாலிஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. அடுத்து வரும் பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப அதன் எழுத்து மாறும். பெண்பாலில் எல் இரட்டித்து இறுதியில் ஓர் இ சேரும், பன்மையில் எஸ் சேரும். ஆக நான்கு வடிவம், காதுக்கு எல்லாமே ‘கெல்’தான். பன்மைக்குப் பின் உயிரொலி வந்தால் மட்டும் ஊமையாக இருந்த எஸ் வாய் திறக்கும்: ‘கெல்ஸாமி’, எந்த நண்பர்கள்.

இதற்குத் தமிழில் ‘எந்த’ என்று ஒரே சொல்லை மனப்பாடம் செய்கிறவர்கள் ‘கெல் ஆஜ்’ வந்ததும் ‘எந்த வயது உனக்கு?’ என்று எழுதிவிடுகிறார்கள். பலவற்றில் ஒன்றைக் கேட்டால் ‘எந்தப் புத்தகம்’. வயது, பெயர், முகவரி கேட்டால் ‘என்ன’. நேரம் கேட்டால் ‘மணி என்ன’ அல்லது ‘எத்தனை மணி’.

வியப்புக்கும் பிரெஞ்சில் அதே ‘கெல்’, தமிழில் அதே ‘என்ன’: என்ன அழகு! இவ்வளவு நேராகப் பொருந்தும்போது நடுவில் ‘ஒரு’ எதற்கு? பிரெஞ்சுக்காரர் இந்த இடத்தில் ‘ஒரு’ போடுவதில்லை, போட்டால் பிழை. நமக்கும் அது தேவையில்லை. அது ஆங்கிலத்தின் ஒட்டு. பிரெஞ்சை ஆங்கில வழியாகப் படித்து மொழிபெயர்க்கிறவர்கள் கையோடு கொண்டுவந்த சரக்கு. இந்த ‘என்ன ஒரு’ இப்போது தொலைக்காட்சித் தொகுப்பாளர் வாயிலும் ஏறிவிட்டது, அது தனிப் புலம்பல்.

அப்புறம் ‘தொமாஜ்’. அதன் வேரில் இருப்பது ‘இழப்பு’. சட்டத்தில் அதன் பன்மை இன்றும் நட்ட ஈட்டுப் பேச்சில்தான் வரும். அதைப் பிடித்துக்கொண்டு ‘என்ன சேதம்!’ என்று போட்டவரும் உண்டு; விருந்து மேசையில் புயல் நிவாரணம் கேட்பது போல. பேச்சில் ‘தொமாஜ்’ ஆளைப் பற்றியதே இல்லை, நடந்துபோனதைப் பற்றியது. ஆளுக்காக இரங்குவதற்கு, நம் ‘ஐயோ பாவம்’ போல, அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது.

எனவே இதற்கு ஒரே தமிழ்ச் சொல் தேடுவது வீண். தோழி வரவில்லையா? ‘அடடா, வர முடியாதா!’ பாதி கேக் தரையில் விழுந்ததா? ‘அடடா, வீணாய்ப் போச்சே!’ கடைசிப் பேருந்து போய்விட்டதா? ‘சே, விட்டுட்டோமே!’ இதில் எங்குமே ‘என்ன’ வரவில்லை, கவனியுங்கள். ‘கெல்’லுக்கு நேர்ச்சொல் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் ‘என்ன ஏமாற்றம்!’ என்றாவது எழுதட்டும், நான் சண்டைக்கு வரமாட்டேன்.