டெலிப்ராம்ப்டருக்கு எழுதும்போது

காணொளிப் பதிவுக்குப் பேசுவோரைப் பழக்குவது என் தொழில். வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும் முறையைப் பற்றி மூன்று நிமிடம் பேச ஒரு மருத்துவர் வந்திருந்தார். நோயாளிகளிடம் நாள் முழுவதும் சளைக்காமல் பேசுகிறவர், பேச வேண்டியதைத் திரையில் வரிவரியாக நகர்த்திக் காட்டும் டெலிப்ராம்ப்டர் செயலி கைப்பேசியில் ஓடத் தொடங்கியதும் செய்தி வாசிப்பவரைப் போல் ஆகிவிட்டார். அவர் எழுதி வந்திருந்த முதல் வரி இது: “இரத்த அழுத்தத்தை அளவிடுவதற்கு முன்னர் குறைந்தபட்சம் ஐந்து நிமிடங்கள் அமைதியாக அமர்ந்திருத்தல் இன்றியமையாததாகும்.”

எந்த மருத்துவரும் நோயாளியின் முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்வதில்லை. எழுத்துத் தமிழை எழுதி வைத்துக்கொண்டு, பேசும்போது பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ‘அளவிடுவதற்கு’ என்பதை ‘பாக்கறதுக்கு’ என்று வாய் மாற்றிக்கொண்டிருக்கும் அதே நொடியில் கண் அடுத்த வரிக்குப் போயாக வேண்டியிருப்பதால், நாக்கு இடறும். அல்லது பாதி எழுத்துநடை, பாதி பேச்சுநடை என்று இரண்டும் கலந்த வாக்கியம் ஒன்று வெளியே வரும். ஆகவே திரையில் ஓடுவதைப் பேச்சு வழக்கிலேயே எழுதிவிட வேண்டும். படித்தவர்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். அந்தத் திரையை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்று நான் நினைவூட்டுவதுண்டு.

மருத்துவரிடம் தாளை மூடச் சொல்லி, என்னையே நோயாளியாக நினைத்து விளக்கும்படி கேட்டு, அவர் சொன்னதை ஒலிப்பதிவு செய்து அப்படியே எழுத்தாக்கினோம். பிறகு, மூச்சு விடும் இடங்களில் வரியை உடைத்தோம்:

பிரஷர் பாக்கறதுக்கு முன்னாடி
ஒரு அஞ்சு நிமிஷம்
சும்மா உக்காருங்க.
பேசாதீங்க.
ஃபோனையும் பாக்காதீங்க.

செயலி தானாக வரியை உடைத்தால் ‘ஒரு அஞ்சு’ ஒரு வரியிலும் ‘நிமிஷம் சும்மா’ அடுத்ததிலும் விழுந்து, பேசுபவர் தேவையற்ற இடத்தில் நிறுத்துவார். ஒரு வரிக்கு ஒரு கருத்துத்துண்டு என்று அமைத்தால், அந்தத் துண்டை ஒரே பார்வையில் எடுத்துக்கொண்டு, லென்ஸைப் பார்த்துச் சொல்ல முடியும்.

வரி குறுகலாக இருப்பதால் கண்ணுக்கும் நன்மை உண்டு. கைப்பேசியைக் கிடையாக வைத்து, 14 சென்டிமீட்டர் அகலத்துக்கு எழுத்தைப் பரப்பி, அரை மீட்டர் தூரத்தில் இருந்து வாசித்தால், விழி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏறத்தாழ 16 பாகை நகரும். பார்ப்பவருக்கு அது அப்பட்டமாகத் தெரியும். அதே கைப்பேசியை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் நகர்வு ஏறத்தாழ 5 பாகையாகக் குறையும். எழுத்தை லென்ஸை ஒட்டிய பகுதியில் மட்டும் குறுகலாக வைத்தால் இன்னும் குறையும். தள்ளி வைப்பதற்கு விலையும் உண்டு: எழுத்தின் அளவைக் கூட்ட வேண்டும், கைப்பேசியின் சொந்த மைக்கில் குரல் தூரத்துக் குரலாக ஒலிக்கும் என்பதால் சட்டைக் காலரில் மாட்டும் மைக் தேவைப்படும்.

ஓடும் வேகம்தான் அடுத்த சிக்கல். வேகத்தை ஒரே அளவில் நிறுத்திவிட்டால், பேசுபவர் திரையைத் துரத்துவார். யோசிக்கும் நிறுத்தமும் அழுத்திச் சொல்லும் நிறுத்தமும் காணாமல் போய், ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ராகத்தில் இறங்கி முடியும். ஒருவர் அருகில் இருந்து பேச்சைப் பின்தொடர்ந்து கையால் நகர்த்துவதே எனக்குப் பிடித்த வழி. குரலைக் கேட்டுத் தானாக நகரும் வசதியைப் பயன்படுத்துவோர், அச்செயலி தமிழைப் புரிந்துகொள்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். எழுதியதிலிருந்து விலகிப் பேசினால் அது இடம் தெரியாமல் நின்றுவிடவும் கூடும்.

பதிவு முடிந்ததும் இருமுறை பாருங்கள். முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தால் விழியின் ஓட்டம் தெரியும். பிறகு படத்தை மறைத்துக் கேட்டால், நிறுத்தங்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா என்பது தெரியும்.

பொருளை நன்கறிந்தவருக்கு முழு உரை தேவையே இல்லை, குறிப்புகள் போதும். ஆனால் குறிப்பு நீண்டால் அதுவும் வாசிப்பாகிவிடும். ‘5 நிமிஷம் சும்மா’, ‘கை நெஞ்சு மட்டத்துல’ என்று இரண்டு மூன்று சொற்களில் நிறுத்த வேண்டும். குறிப்பைப் பார்க்கும்போது பேசக் கூடாது. பார்த்து, நிமிர்ந்து, பிறகு பேச வேண்டும். இடையில் விழும் அமைதி யோசனையாகவே தோன்றும், அதிகமானால் தொகுப்பில் வெட்டிக்கொள்ளலாம்.

மருத்துவரின் பதிவில் இரண்டையும் கலந்தோம். தொடக்கமும் முடிவும், பிசகக் கூடாத எண்களும் முழு வரிகளாகத் திரையில் இருந்தன. நடுப்பகுதி வெறும் குறிப்புகள். மறுபதிவில் அவர் ‘5 நிமிஷம் சும்மா’ என்ற குறிப்பைப் பார்த்து நிமிர்ந்து, தாளிலும் திரையிலும் இல்லாத ஒன்றைச் சொன்னார்: “மாடி ஏறி வந்த உடனே பாத்துட்டு, ஐயோ ஏறிடுச்சுன்னு பயப்படாதீங்க.”