கிளிக்கில் சிக்காத விற்பனை: சமூக ஊடக விளம்பரத்தின் பங்கைக் கணக்கிடுவது எப்படி?

மார்த்தாண்டத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்து விற்கும் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கடைக்காரர் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுக்கிறார். அதைப் பார்த்தவர்களில் பலர் லிங்க்கைத் தொடுவதே இல்லை. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொல்கிறார்கள், அல்லது நேரில் வந்து வாங்கிச் செல்கிறார்கள். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 பதிப்பிலிருந்து, பயனர் அனுமதித்தால் மட்டுமே ஐபோன் செயலிகள் அவரைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர முடியும் என்பதால், கிளிக் செய்தவர்களின் கணக்கிலும் ஓட்டை விழுந்துவிட்டது. ஒரு வாரம் 10,000 ரூபாய் செலவிட்டதற்கு 8,000 ரூபாய் விற்பனை மட்டுமே கிளிக் கணக்கில் தெரிகிறது என்றால், அதை வைத்து விளம்பரத்தை நிறுத்துவது சரியாகுமா?

மார்க்கெட்டிங் மிக்ஸ் மாடலிங் என்னும் முறை, தனி வாடிக்கையாளரைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு, வாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளின் வாராந்திர மொத்த விற்பனையை ஒரு பக்கமும், அந்தந்த வாரத்து விளம்பரச் செலவு, விலை, பண்டிகை ஆகியவற்றை மறுபக்கமும் வைத்து, எது எவ்வளவு மாறியபோது விற்பனை எவ்வளவு மாறியது என்பதை ரிக்ரஷன் என்னும் புள்ளியியல் கணக்கு மூலம் மதிப்பிடுகிறது. விற்பனை எந்த வழியில் வந்தாலும் கல்லாவில் பதிவாகிறது. ஆகவே கிளிக் இல்லாதது இங்கே தடையாவதில்லை.

விளம்பரத்தின் தாக்கம் அந்த வாரத்தோடு முடிவதில்லை என்பதால், செலவை அப்படியே பயன்படுத்தாமல் முந்தைய வாரங்களின் மிச்சத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்தச் சேர்ந்த அளவை ஆட்ஸ்டாக் என்பார்கள்.

```
A[t] = x[t] + 0.5 * A[t-1]
```

இதில் x அந்த வாரச் செலவு, 0.5 என்பது பாதித் தாக்கம் அடுத்த வாரத்துக்குச் செல்கிறது என்ற அனுமானம், உண்மையில் இதையும் தரவிலிருந்தே மதிப்பிட வேண்டும். 10,000 ரூபாய் அடுத்த வாரம் 5,000, அதற்கடுத்த வாரம் 2,500 என்று தேய்ந்து, மொத்தத்தில் 20,000 ஆகிறது. ஆட்ஸ்டாக்கின் ஒரு ரூபாய்க்கு 1.5 ரூபாய் விற்பனை என்று மாடல் சொன்னால், அந்த 10,000 ரூபாய் கொண்டுவந்தது 30,000 ரூபாய் விற்பனை. (செலவு கூடக் கூட ஒவ்வொரு ரூபாயின் பலனும் குறையும் என்பதற்கு வளைகோடு ஒன்றையும் சேர்ப்பதுண்டு, இங்கே அதை விட்டுவிடுகிறேன்.)

இந்த 1.5 நம்பத்தக்கதா என்பதுதான் என் பார்வையில் முக்கியமான கேள்வி. நேந்திரங்காய் சிப்ஸுக்கு ஓணம்தான் பெரிய சீசன். கடைக்காரர் விளம்பரச் செலவைக் கூட்டுவதும் அதே வாரங்களில்தான். ஓணத்தைத் தனியாகக் குறிக்காவிட்டால் பண்டிகை விற்பனை முழுவதையும் மாடல் விளம்பரத்தின் கணக்கில் எழுதிவிடும், 1.5 இருக்க வேண்டிய இடத்தில் 4 வந்து நிற்கும். ஆகஸ்ட் அல்லது செப்டம்பர் என்று மாதத்தைக் குறித்தாலும் போதாது. திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29 அன்றும், 2024இல் செப்டம்பர் 15 அன்றும், 2025இல் செப்டம்பர் 5 அன்றும் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களை ஒவ்வோர் ஆண்டும் தேதி பார்த்துக் குறிக்க வேண்டும். மாடல் கணித்ததற்கும் உண்மையான விற்பனைக்கும் இடையிலான வித்தியாசத்தை வாரவாரியாக வரைந்தால், பிழை ஓணத்தைச் சுற்றியே குவிகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

குறித்த பிறகும், விளம்பரம் சீசனில் மட்டுமே கூடியிருந்தால் இரண்டையும் எந்தக் கணக்காலும் சரிவரப் பிரிக்க முடியாது. விடை அகன்ற வரம்பாக வரும்: 0.8 முதல் 2.2 வரை என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீத லாபம் வைத்து விற்பவருக்கு, 10,000 ரூபாய்ச் செலவு கொண்டுவரும் விற்பனை 16,000 முதல் 44,000 ரூபாய் வரையும், விளம்பரச் செலவைக் கழிக்கும் முன் அதில் கிடைக்கும் லாபம் 4,800 முதல் 13,200 ரூபாய் வரையும் எதுவாகவும் இருக்கலாம். அதாவது நட்டமா லாபமா என்றே தெரியவில்லை.

இந்த வரம்பைக் குறுக்க, சீசன் இல்லாத நான்கு வாரங்களுக்குக் கொல்லம் மாவட்டத்தில் மட்டும் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, திருவனந்தபுரத்தில் வழக்கம்போலத் தொடரலாம். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வந்தாலும் பார்சலில் பின்கோடு எழுதித்தான் ஆக வேண்டும். 691இல் தொடங்குபவை பெரும்பாலும் கொல்லம், 695இல் தொடங்குபவை திருவனந்தபுரம். கொல்லத்துக்கு வாரம் 4,000 ரூபாய் சீராகச் செலவாகி வந்திருந்தால் ஆட்ஸ்டாக் 8,000இல் நிலைத்திருக்கும். நிறுத்தியதும் அது 4,000, 2,000, 1,000, 500 என்று இறங்கும், 1.5 சரியென்றால் கொல்லத்துப் பார்சல்களின் விற்பனை முதல் வாரம் 6,000 ரூபாயும், பிறகு 9,000, 10,500, 11,250 ரூபாயும் குறைய வேண்டும். திருவனந்தபுரத்தின் விற்பனையோடு ஒப்பிட்டு, அங்கேயும் ஏற்பட்ட பொதுவான ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்க்கையில் இதில் பாதிதான் குறைந்திருந்தால், 1.5ஐ 0.75க்கு அருகில் இறக்கி மாடலை மீண்டும் ஓட்ட வேண்டும். இந்தச் சோதனையை நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் வைத்துப் பயனில்லை. தினமும் இரு ஊருக்கும் போய்வருபவர்கள் அதிகம் என்பதால், ஓரிடத்தில் பார்த்த விளம்பரத்துக்கு மற்றோரிடத்துக் கல்லாவில் பணம் விழும்.